நான் திருப்பி அனுப்பிய கடிதங்கள்

எனக்குக் கடிதம் என்றால் பயம் வந்தது ஐம்பத்து மூன்றாவது வயதில். இதை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். இருபத்தாறு வருடமாக எனக்குச் சோறு போடுவது கடிதம்தான். ஊர்காவற்றுறைத் தீவில் ஒரு சின்ன உப தபாலகம் என் பொறுப்பில் இருக்கிறது. என் வீட்டின் முன்னறைதான் தபாலகம். காலையில் பஸ்ஸில் தபால் பை வரும். நானும் தபால்காரரும் அதை அவிழ்த்துக் கொட்டி எண்ணுவோம். பதிவுத் தபால்களை நான் புத்தகத்தில் பதிவேன், மற்றதை அவர் சைக்கிளில் கொண்டு போவார். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வைக்க வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது வங்கிக் கடிதமா காணிக் கடிதமா என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அன்றைக்கு வந்த பதிவுத் தபால் ஒன்றில் என் பெயர் இருந்தது. உறையின் மூலையில் கொழும்புச் சட்டத்தரணி ஒருவரின் முத்திரை. தபால்காரர் பார்த்தும் பார்க்காதவர் போல இறப்பர் வளையம் தேடினார். என் புத்தகத்தில் நானே என்னைப் பதிந்து, நானே கையெழுத்து வைத்து, நானே வாங்கினேன். உள்ளே ஆங்கிலத்தில் ஒரு தாள், பின்னால் தமிழில் ஒரு தாள். செய்மதித் தொலைக்காட்சிக் கம்பனிக்கு நான் தரவேண்டிய நிலுவையைப் பதினான்கு நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் மேலதிக அறிவித்தல் எதுவுமின்றி நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யப்படும் என்று எழுதியிருந்தது. தாளை மடித்து உறைக்குள் வைத்தேன், திரும்ப எடுத்து வாசித்தேன்.

எங்கள் தலைமுறைக்குப் பயம் புதுச் சாமான் இல்லை. ஷெல் வந்தால் பங்கருக்குள் இறங்கலாம் என்றாவது தெரிந்திருந்தது. இந்தத் தாளுக்கு எங்கே இறங்குவது? அரச காசும் முத்திரையும் என் கையில் இருக்கின்றன. தபாலகப் பொறுப்பில் உள்ளவள் மேல் கடன் வழக்கு என்றால் மேலிடத்தில் இருந்து ஆள் வந்து முத்திரைப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பயப்படுகிறவள் சட்டப் புத்தகம் பார்த்தா பயப்படுகிறாள்?

அந்த ரீவி இணைப்பை நான் எடுத்தது தம்பியின் மகளுக்காக. அவள் என்னோடு இருந்து படித்தாள். கூரையில் டிஷ் பூட்டி, வைப்புப் பணம் கட்டி, என் அடையாள அட்டையில் எடுத்த இணைப்பு. அவள் கொழும்புக்குக் கம்பஸ் படிக்கப் போன பிறகு அந்த ரீவியைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. நான் கம்பனியின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அடித்து, இணைப்பை நிற்பாட்டச் சொன்னேன். மறுபக்கத்தில் பேசிய பிள்ளை நல்ல மரியாதையாகச் சொன்னாள். கோரிக்கையைப் பதிந்துவிட்டாளாம், ஒரு படிவம் தபாலில் வருமாம், அதில் கையெழுத்து வைத்து, பெட்டியோடு கிளைக்குப் போனால்தான் கணக்கு மூடுமாம். இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குக் கேட்டது “பதிந்துவிட்டேன்” என்ற ஒரு சொல் மட்டும்தான். கவுண்டரில் ஆள் நின்றது. சரி பிள்ளை என்று வைத்துவிட்டேன்.

அடுத்த மாதமும் கட்டணம் கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. கடைசி மாதமாக இருக்கும் என்று நினைத்துக் கட்டினேன். அதற்கடுத்த மாதமும் வந்தது. கூடவே தபால் பையில் கம்பனியின் உறை ஒன்று. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நிற்பாட்டின இணைப்புக்கு இன்னும் பில் அனுப்புகிறார்களா? அப்போதுதான் நான் அந்தக் காரியம் செய்தேன். கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

கடிதம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் உறையின் மேல் “ஏற்க மறுக்கப்பட்டது” என்று எழுதி, திகதி முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவோம். நான் அப்படியே செய்தேன். உறையைத் திறக்கவே இல்லை. மறுத்து அனுப்பினால் அது எழுத்தில் பதில் சொன்ன மாதிரி, அரசாங்கத் திகதி முத்திரையும் இருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்த மாதம் வந்ததையும் அனுப்பினேன். அதற்கடுத்ததையும் அனுப்பினேன். ஒவ்வொரு தடவை முத்திரை குத்தும்போதும் அவர்களின் மண்டையில் குத்துகிற மாதிரி ஒரு சந்தோஷம். தபாலகத்தில் இருக்கிற ஒருத்திக்கு மட்டும்தான் இப்படி ஒரு மடைத்தனம் தோன்றும்.

சட்டத்தரணியின் கடிதம் வந்த அன்றைக்கு தம்பியின் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் குரலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

“மாமி, அழாதேங்கோ. பெட்டி உங்களிட்டை இருக்குதானே?”

“அலுமாரிக்கு மேலை இருக்கு.”

“பெட்டி, ரிமோட், வயர் எல்லாத்தையும் கொண்டு கிளைக்குப் போங்கோ. அடையாள அட்டையின்ரை கொப்பியும் வேணும். கணக்கு மூடினது, நிலுவை இல்லை, சட்டத்தரணியின்ரை கடிதத்தை வாபஸ் வாங்கினது, மூண்டையும் எழுத்திலை கேளுங்கோ. வாயாலை சொன்னா எழும்பாதேங்கோ. அவை மாட்டன் எண்டால் மாவட்டச் செயலகத்திலை நுகர்வோர் அதிகார சபை இருக்கு, அங்கை முறைப்பாடு குடுக்கலாம்.”

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ் ஏறினேன். பெட்டியை ஒரு பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். நாரந்தனை, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் சும்மா கிடந்தது. முன்பு இதே பாதையில் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நிற்கும்போது நெஞ்சு எப்படி அடித்ததோ, அப்படியே அடித்தது. மடியில் இருந்தது ஒரு ரீவிப் பெட்டி. அதை வைத்துக்கொண்டு நான் கைக்குண்டு கொண்டு போகிறவள் மாதிரி வியர்த்துக்கொண்டிருந்தேன்.

கிளையில் குளிரூட்டி போட்டிருந்தது. இலக்கச் சீட்டு எடுத்துக் கதிரையில் காத்திருந்தேன். என் இலக்கம் வந்ததும் கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அன்ரி, நீங்கள் நிப்பாட்டக் கேட்டது பதிஞ்சிருக்கு. படிவமும் அனுப்பியிருக்கிறம். நீங்கள் நிரப்பித் தரேல்லையே. அதாலை கோரிக்கை தானாக் காலாவதியாகி, கணக்குத் திரும்பவும் ஓடத் தொடங்கியிட்டுது.”

“படிவம் எனக்கு வரேல்லைப் பிள்ளை.”

“பொறுங்கோ, திரும்பி வந்த தபாலுக்கை பாப்பம்.”

அவள் உள்ளே போய் இறப்பர் வளையம் போட்ட ஒரு உறைக்கட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். எல்லாவற்றிலும் என் முத்திரை, என் கையெழுத்து. முதல் உறையைக் கிழித்தாள். உள்ளே பில் இல்லை. இணைப்பை மூடும் படிவம். மூன்று மொழியிலும் அச்சடித்து, கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடியும் போட்டு, இந்தத் திகதிக்குள் தரவும் என்று எழுதி வைத்திருந்தது. நான் கேட்டதைத்தான் அவர்கள் அனுப்பியிருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தேன்.

“உந்தத் தீவிலை ஒரு தபாலகத்திலை இருந்து எல்லாம் திரும்பி வருது, அன்ரி. விலாசப் பிழையாக்கும் எண்டு ஒண்டாக் கட்டி வைச்சனாங்கள். இதிலை ‘ஏற்க மறுக்கப்பட்டது’ எண்டு ஆர் எழுதினது?”

“தபாலகத்திலை,” என்றேன்.

பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. அவள் என் வேலையைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டை எடுத்துக்கொண்டு முகாமையாளரின் அறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் அவர் உறைகளைப் புரட்டுவதும் தலையாட்டுவதும் தெரிந்தது. திரும்பி வந்து, தபாலகப் பிழை என்றபடியால் நான் முதலில் கேட்ட திகதியில் இருந்தே கணக்கை மூடுவதாகவும், அதற்குப் பிறகு ஏறிய கட்டணம் எல்லாவற்றையும் கழிப்பதாகவும் சொன்னாள். பிழையாகக் கட்டிய ஒரு மாதமும் வைப்புப் பணமும் என் வங்கிக் கணக்குக்கு வரும். பெட்டியின் இலக்கத்தைப் பார்த்துப் பதிந்து பற்றுச்சீட்டுத் தந்தாள். உறுதிக் கடிதம் பிறகு தபாலில் வரும் என்றாள்.

“தபாலிலை வேண்டாம் பிள்ளை,” என்றேன். அதை நான் சொன்னதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. “இப்ப கையிலை தாங்கோ. சட்டத்தரணிக்கு அறிவிச்சதையும் அதிலை போடுங்கோ.”

ஒரு மணித்தியாலம் இருந்து வாங்கினேன். கம்பனியின் தலைப்புத் தாள், முகாமையாளரின் கையெழுத்து, முத்திரை. நான் எழும்பும்போது அந்தப் பிள்ளை கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி உறையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இது வேற ஆளின்ரை போல.”

அதில் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஒரு அண்ணையின் பெயர் இருந்தது. எழுத்து என்னுடையது.

அவர் மீன்பிடிக்கிறவர். மனைவி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட ரீவியில் பார்ப்பா, காலில் வருத்தம், கோயிலுக்கு நடக்க ஏலாது. அவ போன பிறகு அண்ணை அந்தப் பெட்டியைப் பார்க்க விரும்பவில்லை. நிற்பாட்ட உதவி கேட்டுத் தபாலகத்துக்கு வந்தார். என் தொலைபேசியில் நான்தான் கம்பனியின் சேவை இலக்கத்துக்கு அடித்துக் கொடுத்தேன். முடிந்ததும் நான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன், என்னுடையதைப் போலவே இனி அவையின்ரை கடிதம் வந்தால் நானே திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று. “அப்பிடியே செய்யும் தங்கச்சி,” என்றார். சொன்னபடி செய்தேன். உறையை அவருக்குக் காட்டவே இல்லை. ஒருவருக்கு வந்த கடிதத்தை அவர் கண்ணில் காட்டாமல் அவர் மறுத்ததாக எழுதுவது எங்கள் வேலையில் எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியாதா? கோபத்தில் தெரியவில்லை.

“பிள்ளை, அவரின்ரை கணக்கு என்ன நிலையிலை இருக்கு?” என்று கேட்டேன்.

“அதை அவரோடைதான் கதைக்கலாம், அன்ரி.”

திரும்பி வரும் பஸ்ஸில் என் கைப்பைக்குள் நான் தேடிப் போன கடிதம் இருந்தது. சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ போனபோது இருந்ததைவிடக் கூடப் பயம். அவரிடம் சொன்னால் அவர் யாரிடமாவது சொல்லுவார். மேலிடத்துக்கு ஒரு கடிதம் போதும், என் முத்திரைப் பெட்டி போய்விடும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் மீன் விற்க இந்தப் பக்கம் வந்து, சுகமோ தங்கச்சி என்று கேட்டுவிட்டுப் போனார். சுகம் என்றேன். அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. ஒரு கிழமை போய்விட்டது.

பிறகு தபால் பையில் அந்த உறை வந்தது. அதே சட்டத்தரணி, அதே முத்திரை, அண்ணையின் பெயர். புத்தகத்தில் பதியும்போது ஒரு கணம் கை நின்றது. இரண்டு சொல் எழுதி முத்திரை குத்தினால் இதுவும் போய்விடும், அவர் இதைக் காணவே மாட்டார். வழக்கு வருகிற வரைக்கும் எனக்குக் கரைச்சல் இல்லை. அப்படி நினைத்தேன் என்பதை இங்கே மறைக்க எனக்கு விருப்பமில்லை.

தபால்காரரை அனுப்பி அவரைக் கூப்பிட்டேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த கையோடு வந்தார்.

“உந்தக் கம்பனிக்காரரோ? திருப்பி அனுப்பிவிடும் தங்கச்சி.”

“ஏலாது அண்ணை. முந்தி அனுப்பினதும் பிழை. அதுக்குள்ளை இருந்தது பில் இல்லை, நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டிய படிவம். நான்தான் பாக்காமல் அனுப்பிப்போட்டன். இப்ப வழக்குப் போடப் போறம் எண்டு எழுதியிருப்பினம்.”

அவர் உறையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். “வழக்கோ? எனக்கோ?” என்றார். அவ்வளவு பெரிய கடலுக்குள் போய்வருகிற மனிதனின் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது. “உமக்கும் வந்ததோ?”

“ஓம். எனக்கு முடிச்சுத் தந்திட்டினம். எழுத்திலை வாங்கினனான்.”

“எப்ப?”

“போன கிழமை.”

“போன கிழமையோ,” என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாள் காலையில் பஸ் நிலையத்தில் பெட்டியை உரப்பையில் போட்டுக்கொண்டு நின்றார், பூசைக்குப் போகிற வெள்ளைச் சேட்டோடு. நானும் லீவு போட்டு அதே பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு இருந்தேன். அவர் தாண்டிப் போய் முன்னுக்கு இருந்தார். பண்ணைப் பாலம் முடியும் வரைக்கும் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு போனேன்.

அதே பிள்ளைதான் கவுண்டரில். அண்ணையின் கணக்கைப் பார்த்தாள், உறையைக் கொண்டு உள்ளே போனாள், முகம் இறுகித் திரும்பி வந்தாள்.

“படிவத்தை வாடிக்கையாளரே மறுத்ததெண்டால் கட்டணத்தைக் கழிக்க ஏலாதாம். அன்ரிக்குப் போன முறை தபாலகப் பிழை எண்டு செய்து தந்தது. இப்ப ரெண்டாவது. தபாலகத்திலை இருந்து பிழை எண்டு எழுத்திலை வந்தால்தான் பாக்கலாம் எண்டு முகாமையாளர் சொல்லுறார்.”

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு சொல் போதும். சொல்லாமல், உரப்பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, அந்தத் தபாலகம் நான்தான்,” என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினாள். இந்தக் கடிதத்தை உரியவருக்குக் காட்டாமல், அவர் மறுத்ததாக நானே எழுதித் திருப்பி அனுப்பினேன் என்று எழுதினேன். இதே போல என் கடிதங்களையும் நானே திருப்பி அனுப்பினேன் என்று கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன். அந்த வரியால் எனக்குக் கழித்தது திரும்ப ஏறலாம் என்று தெரிந்தேதான் சேர்த்தேன்.

“இதின்ரை கொப்பி மேலிடத்துக்குப் போகுமோ?” என்று கேட்டேன்.

“தெரியாது அன்ரி. முகாமையாளர்தான் முடிவெடுப்பார்.”

பெயரை எழுதி, பதவியை எழுதி, கையெழுத்து வைத்தேன். கை அவ்வளவு நடுங்கியது. அவள் என் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“இது ஒத்து வரேல்லை. இன்னொருக்கா வையுங்கோ.”

அண்ணை தாள் அசையாமல் அதன் மூலையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். நான் இன்னொருக்கால் வைத்தேன்.